தளம் போட ஒரு வேலை ஆணை: திருத்தணிக் கட்டுமானத்தை முன்வைத்து

கட்டடத்தை மொத்தமாக ஏற்ற ஒப்பந்ததாரர், அதன் ஒரு பகுதியை இன்னொருவரிடம் பிரித்துக் கொடுக்கும்போது அனுப்பும் எழுத்துதான் வேலை ஆணை. என்ன வேலை, எந்தக் கட்டத்தில் எது முடிய வேண்டும், களத்தில் என்ன ஒழுங்கு, எப்போது எவ்வளவு பணம் என்ற நான்கும் அதில் இருக்கும். பெருநகர நிறுவனங்களில் இது நெடுநாள் வழக்கம். திருத்தணி போன்ற ஊர்களில் மேஸ்திரியும் ஒப்பந்ததாரரும் சதுர அடிக்கு ஒரு விலை பேசி, ஒரு தாளில் கையெழுத்திட்டு வேலையைத் தொடங்குவதும் இன்னும் சாதாரணம். எழுத்து இருப்பது பேச்சைவிட மேல் என்பதில் ஐயமில்லை. எழுதப்பட்ட ஆணை எந்த இடத்தில் உதவுகிறது, எந்த இடத்தில் தானே சிக்கலை உண்டாக்குகிறது என்பதுதான் ஆராயத்தக்கது.

மலையடிவாரத்தில் பக்தர்களுக்காகக் கட்டப்படும் ஒரு தங்கும் விடுதியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தலா 2,500 சதுர அடியில் இரண்டு தளங்கள். சென்டரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டுக் கொடுக்கும் வேலை மட்டும் துணை ஒப்பந்ததாரருடையது. சிமெண்ட், கம்பி, ஜல்லி, எம்-சாண்ட் முதன்மை ஒப்பந்ததாரருடையவை. கணக்கு எளிதாக இருக்கச் சதுர அடிக்கு 120 ரூபாய் என்று வைத்தால் ஒரு தளத்துக்கு 3,00,000 ரூபாய், மொத்தம் 6,00,000 ரூபாய்.

வேலை எல்லையில் முதல் தகராறு எழுவது அளவில்தான். 2,500 சதுர அடி என்பது மேலிருந்து பார்த்த பரப்பா, பலகை தொட்ட பரப்பா? கட்டட அளவீட்டுக்கான இந்தியத் தரநிலை IS 1200, சென்டரிங்கைக் கான்கிரீட்டைத் தொடும் பரப்பாக அளக்கச் சொல்கிறது. அதன்படி பீமின் இரு பக்கங்களும் கணக்கில் சேரும். ஊர் வழக்கில் தளப் பரப்பு மட்டுமே பேசப்படுகிறது. பீம் அதற்குள் அடக்கம். இரண்டில் எதைப் பின்பற்றினாலும் தவறில்லை. எது என்று எழுதாமல் விடுவதுதான் தவறு. சன்ஷேடும் லாஃப்டும் படிக்கட்டும் விலைக்குள்ளா வெளியேயா என்பதும் அப்படியே. இதைவிடச் சிறிய பொருள்கள்தான் வேலையை நிறுத்துகின்றன: கட்டுக்கம்பி யார் வாங்குவது, ஆணியும் பலகைக்குப் பூசும் எண்ணெயும் யாருடையவை, வைப்ரேட்டருக்கு டீசல் யார் ஊற்றுவது, கவர் பிளாக் யார் பொறுப்பு. கவர் பிளாக் யார் கணக்கிலும் இல்லையென்றால் கம்பிக்கு அடியில் உடைந்த ஜல்லிக் கல்லைச் செருகிவிடுவார்கள். சில ஆண்டுகளில் கூரையின் அடியில் துருக்கறை தெரியும்போதுதான் ஆணையில் ஒரு வரி விடுபட்டது தெரியும். நல்ல ஆணையின் பலம் இந்த இடத்தில்தான் இருக்கிறது: சில்லறைப் பொருள்களின் பட்டியல் ஒரு பக்கத்துக்கு நீண்டாலும் நீளட்டும்.

இந்த ஊருக்கே உரிய ஒரு சிக்கல் எல்லை. 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் திருத்தணி. நகரி, புத்தூர்ப் பக்கம் இன்றும் நித்தப் போக்குவரத்து உண்டு. சென்டரிங் ஷீட்டும் ஜாக்கியும் ஆந்திரத்திலிருந்து வருவதானால், மாநிலம் தாண்டும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போகும்போது இ-வே பில் வேண்டும். அதை யார் எடுப்பது என்று பெரும்பாலான ஆணைகள் பேசுவதில்லை. வண்டி வழியில் நின்றால் இழந்த நாள் யார் தலையில் என்ற கேள்விக்கும் அங்கே விடை இருக்காது. மொழியும் இதோடு சேர்ந்தது. ஆணை ஆங்கிலத்தில்; கையெழுத்திடும் மேஸ்திரி படிப்பது தமிழோ தெலுங்கோ. கையெழுத்து சட்டப்படி செல்லும். ஆனால் படிக்காத விதியை யாரும் கடைப்பிடிப்பதில்லை.

இன்று ஆணை பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆகப் போகிறது. மின்னணு வழியில் செய்த ஒப்பந்தம் அந்தக் காரணத்தாலேயே செல்லாததாகிவிடாது என்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் உள்ளது. ஆணையைப் பெற்றவர் பதில் எழுதாமல் ஆள்களை இறக்கி வேலை தொடங்கினாலும் அது ஏற்பாகவே கொள்ளப்படலாம். சிக்கல் வேறு. ஆள்கள் இறங்கிப் பத்து நாள் கழித்து, பேசியதற்கு மாறான நிபந்தனைகளோடு ஆணை வந்து சேர்வது உண்டு. எந்த நிபந்தனையின் கீழ் வேலை தொடங்கியது என்பது அப்போது வழக்கறிஞர்களுக்கான விவாதமாகிவிடும்.

நான்கில் மிக முக்கியமானது கட்டப் பணம். களத்தில் நடப்பதைத் தீர்மானிப்பது விதிகளைவிடப் பணம் வரும் வரிசைதான். மேற்சொன்ன தளத்தில் துணை ஒப்பந்ததாரரின் செலவு இப்படி இருப்பதாகக் கொள்வோம்: சென்டரிங் அடித்துக் கம்பி கட்டி முடிக்கும்வரை கூலியும் ஜாக்கி வாடகையும் சேர்த்து 1,50,000, கான்கிரீட் போடும் நாளில் மிக்சர், லிஃப்ட், ஆள்கூலி 60,000, அதன் பிறகு ஜாக்கி வாடகை, பிரிக்கும் கூலி, தண்ணீர் ஊற்றல், ஓட்டை அடைப்பு 50,000. மொத்தச் செலவு 2,60,000, மிச்சம் 40,000.

கான்கிரீட் போட்டதும் 90 விழுக்காடு என்று ஆணை சொன்னால் அன்று அவர் கைக்கு 2,70,000 வந்துவிடுகிறது. அதுவரை செலவு 2,10,000. இனி வர வேண்டியது 30,000, செய்ய வேண்டிய செலவு 50,000. அப்படியே விட்டுப் போனால் 20,000 ரூபாய் லாபம் என்று ஆணையே கணக்குப் போட்டுக் கொடுக்கிறது. தளத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வராமல் போவதற்கும், பிரித்த பிறகு பீமின் அடியில் தெரியும் தேன்கூட்டுக் குழிகளை அடைக்க மேஸ்திரி கிடைக்காமல் போவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இதற்குப் பயந்து சிலர் எதிர்த்திசைக்குப் போகிறார்கள்: கான்கிரீட் நாளில் 30 விழுக்காடு, சென்டரிங் பிரித்த பிறகு 60, கடைசியில் 10. முதன்மை ஒப்பந்ததாரருக்கு இது பாதுகாப்பாகத் தோன்றும். உண்மையில் இரண்டில் ஆபத்தானது இதுதான். கான்கிரீட் அன்று மேஸ்திரி 2,10,000 செலவழித்து 90,000 வாங்கியிருப்பார். 1,20,000 ரூபாய் வட்டிக்கு நிற்கும். சனிக்கிழமைதோறும் கூலி கொடுத்தாக வேண்டும். பிரித்தால் பணம் என்பதால் எவ்வளவு சீக்கிரம் பிரிக்கலாம் என்றுதான் மனம் ஓடும். IS 456 தரநிலை, சாதாரண சிமெண்டில் 4.5 மீட்டர் வரை ஸ்பான் உள்ள தளத்தின் முட்டுகளை 7 நாளும், அதற்கு மேற்பட்டதை 14 நாளும் விட்டுவைக்கச் சொல்கிறது. பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், மேற்பட்டால் 21 நாள். பிபிசி போன்ற கலப்புச் சிமெண்டுக்கு இந்தக் காலத்தை நீட்ட வேண்டியிருக்கும். இந்த நாள்களை ஆணையில் அச்சிட்டுவிட்டு, முன்கூட்டிப் பிரிப்பவருக்கே முதலில் பணம் கிடைக்கும்படி கட்டங்களை வைப்பது முரண். தளத்தின் நடுவில் மெல்லிய கீறலோ, கண்ணுக்குத் தெரியும் தொய்வோ பிறகு தென்பட்டால் கம்பியையும் சிமெண்டையும் குறை சொல்வதற்கு முன் பிரித்த தேதியைப் பார்ப்பது நல்லது.

சென்டரிங்கும் கம்பியும் சரிபார்க்கப்பட்டதும் 35, கான்கிரீட் முடிந்ததும் 40, குறித்த நாள் கழித்து முட்டு பிரித்து நீராற்றலும் முடிந்தால் 15, குறை சீர்செய்தால் 5, பிடித்தம் 5 என்று வைத்துப் பார்த்தால் நிலைமை மாறுகிறது. கான்கிரீட்டுக்கு முன் அவர் கையிலிருந்து போட்டது 45,000 மட்டும். கான்கிரீட் முடிந்ததும் 2,25,000 பெற்று 15,000 முன்னால் இருப்பார். மீதம் 75,000 வர வேண்டும், செலவு 50,000. இருந்து முடித்தால் 25,000, விட்டுப் போனால் அது இல்லை. இதற்கும் ஒரு விலை உண்டு: ஆய்வு அடிக்கடி வேண்டும். பொறியாளர் வாரம் ஒருமுறை சென்னையிலிருந்து வருபவரானால் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற சொல்லே பணத்தை நிறுத்தும் கருவியாகிவிடும். சொல்லி இரண்டு நாளில் யாரும் வந்து பார்க்காவிட்டால் முதல் கட்டப் பணம் பாக்கியாகிவிடும் என்று எழுதலாம். கான்கிரீட் போடும் அனுமதியை மட்டும் அப்படித் தானாகக் கிடைத்ததாக வைக்கக் கூடாது.

மைல்கற்களைக் காலண்டர் தேதியில் எழுதுவது திருத்தணியில் பெரும்பாலும் வீண். ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கில் காவடிகள் வரும் நாள்களில் வாகனங்கள் திருப்பிவிடப்படுகின்றன. எம்-சாண்ட் லாரி அடிவாரத்துக்கு நெருங்க முடியாது. டிசம்பர் 31 படிபூஜையும் அப்படித்தான். இடையில் வடகிழக்குப் பருவமழை. சுவர் மட்டம் ஒப்படைத்த நாளிலிருந்து இத்தனை வேலை நாள் என்று எண்ணுவதும், பொதுப்பணிகளில் உள்ளதுபோல் ஒரு தடைப் பதிவேடு வைப்பதும் நியாயம். கம்பி வர ஐந்து நாள் தாமதம் என்று அன்றே இருவரும் அதில் கையெழுத்திட்டால் பிறகு வாதம் குறையும். தாமதத்துக்கு வாரம் இவ்வளவு என்று எழுதினால் அதை அப்படியே கழித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை பரவலானது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, எழுதிய தொகையை உச்சவரம்பாக மட்டுமே கொள்கிறது. கிடைப்பது நியாயமான இழப்பீடு.

கள விதிகள் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் தாள்களிலிருந்து எடுக்கப்பட்டவை: தலைக்கவசம், இடுப்புப் பட்டை, மீறினால் அபராதம். யார் வாங்கித் தருவது என்று இருக்காது. அபராதம் மேஸ்திரியின் பில்லில் கழிந்து, கடைசியில் சித்தாளின் கூலியில் விழும். வெறுங்காலோடு காவடி எடுத்துப் போகிறவர்கள் வாசலைக் கடக்கும் ஊரில், வளைந்த ஆணியையும் கட்டுக்கம்பித் துண்டையும் மாலையில் சாலையிலிருந்து பெருக்கி எடுக்க வேண்டும் என்ற விதியை அந்தத் தாள்களில் தேடிப் பயனில்லை. விபத்துப் பொறுப்பு முழுவதும் துணை ஒப்பந்ததாரருடையது என்ற வரியும் நினைக்கும் அளவுக்குக் காக்காது. சட்டப்படி காயமுற்ற தொழிலாளி முதன்மை ஒப்பந்ததாரரிடமே இழப்பீடு கோரலாம். கொடுத்தவர் பிறகு துணை ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். தினக்கூலி மேஸ்திரியிடம் எதை வசூலிப்பது? காப்பீட்டுக் கட்டணத்தை விலையில் சேர்த்து எழுதுவதே நடைமுறை.

உரிமையாளரிடமிருந்து பணம் வந்த பிறகே தருவோம் என்ற நிபந்தனையும் இவ்வகைதான். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் குறு, சிறு நிறுவனங்களுக்கான பணத்தை 45 நாளுக்கு மேல் தள்ளிப்போட அனுமதிக்கவில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு பதிவு செய்தவருக்கே எளிதில் எட்டும். கட்டடப் பணி ஒப்பந்தத்துக்கு அது பொருந்துமா என்பதில் தீர்ப்புகளும் ஒருமித்தவை அல்ல. பிடித்தத் தொகையும் இதே வழியில் மாட்டிக்கொள்கிறது. விடுதி முழுவதும் முடிந்து ஆறு மாதம் கழித்துத் தருவதாக எழுதினால், டைல்ஸ்காரரின் தாமதத்துக்கும் உரிமையாளரின் பணமுடைக்கும் சேர்த்துத் தளம் போட்டவர் காத்திருக்க நேரும். இரண்டாம் தளத்தின் முட்டு பிரித்த நாளிலிருந்து ஒரு மழைக்காலம் கழிந்து, கசிவோ கீறலோ இல்லை என்று கூட்டாகப் பார்த்துக் கையெழுத்திட்டதும் அந்த 30,000 ரூபாயைக் கொடுத்துவிடலாம்.