சூரியன் வரை ஒரு காகிதப் பட்டை

எங்கள் பள்ளி அறிவியல் மன்றக் கூட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி மடக்கை அளவுகோல் பற்றிப் பத்து நிமிடம் பேசினாள். சூத்திரத்தில் தொடங்காமல், கரும்பலகையின் மேல் இரண்டரை மீட்டர் நீளக் காகிதப் பட்டையை ஒட்டினாள். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. ஒவ்வொரு கோடும் அதற்கு இடப்புறக் கோட்டைப் போலப் பத்து மடங்கு. 1 மீட்டர் என்ற கோட்டுக்கு இடப்புறம் ஒரு மீட்டர் தள்ளி அணு, வலப்புறம் 112 சென்டிமீட்டர் தள்ளிச் சூரியன் இருக்கும் தொலைவு.

"சாதாரண அளவுகோலில் ஒரு மீட்டரை ஒரு மில்லிமீட்டராகச் சுருக்கினாலும், சூரியனைக் காட்ட ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் காகிதம் வேண்டும். அப்போதும் அணு கண்ணுக்குத் தெரியாது" என்றாள். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. மடக்கை எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை.

ஆனால் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைக் குறிக்கும்போது தவறினாள். அதன் உயரம் சுமார் 66 மீட்டர். 10-க்கும் 100-க்கும் பாதியைச் சற்றே தாண்டிய எண் என்று கணக்கிட்டு, 10-இன் கோட்டிலிருந்து ஆறு சென்டிமீட்டரில் புள்ளி வைத்தாள். எட்டில் வைத்திருக்க வேண்டும். இந்த அளவுகோலில் இரண்டு கோடுகளுக்கு நடுப்புள்ளி 55 அல்ல, சுமார் 32. 20 மூன்றாவது சென்டிமீட்டரில் வரும், 50 ஏழாவதில். கோட்டுக்குக் கோடு பெருக்கலையும் கோடுகளுக்கு நடுவே கூட்டலையும் பயன்படுத்தும் இந்தப் பிழையைப் பெரியவர்களும் செய்கிறார்கள். 20, 50 இரண்டையும் முதலிலேயே குறித்திருந்தால், புள்ளி இடம் மாறியது அப்போதே கண்ணில் பட்டிருக்கும்.

"பூஜ்யம் எங்கே?" என்று ஒரு பையன் கேட்டான். பட்டையின் இடது முனையைக் காட்டினாள். இந்த இடத்தில்தான் பேச்சு உண்மையாகவே சறுக்கியது. இடப்புறம் எவ்வளவு ஒட்டிக்கொண்டே போனாலும் ஒவ்வொரு முறையும் பத்தால் வகுப்போமே தவிர, பூஜ்யம் வராது. பட்டையைக் கொண்டே இதைக் காட்டியிருக்கலாம். நல்ல கேள்வி வீணாகிவிட்டது.

கடைசி நிமிடத்தில் நிலநடுக்கத்துக்குத் தாவினாள். 2001 புஜ் நிலநடுக்கம் 7.7, 2004 சுமத்ரா 9.1. "ஒரு எண் கூடினால் பத்து மடங்கு" என்று முடித்தாள். பத்து மடங்காவது அலையின் வீச்சு. வெளிப்படும் ஆற்றல் ஒரு எண்ணுக்குச் சுமார் 32 மடங்கு கூடும்; இந்த 1.4 வித்தியாசத்தில் வீச்சு 25 மடங்கு, ஆற்றல் ஏறத்தாழ 126 மடங்கு. எது பத்து மடங்கு என்று சொல்லாத மடக்கை அளவுகோல் கேட்பவரைத் தவறான இடத்தில் விட்டுவிடும். நிலநடுக்கத்தை விட்டுவிட்டு, அந்த ஒரு நிமிடத்தைப் பூஜ்யத்துக்குக் கொடுத்திருக்கலாம் என்பதே என் எண்ணம்.