‘ரூ.18,000 மட்டுமே’: மாலை வகுப்பு பிரௌச்சரைத் திருத்தும்போது

வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலை வகுப்பு பிரௌச்சரில் இதுதான் பொய் என்று ஒரு வரியைச் சுட்டிக்காட்டுவது பெரும்பாலும் நடக்காத காரியம். ஒவ்வொரு வரிக்கும் நிறுவனத்திடம் ஏதோ ஓர் ஆதாரம் இருக்கும். எதைச் சொல்லாமல் விட்டார்கள், எந்த எண்ணை எதனால் வகுத்தார்கள் என்பதில்தான் கோளாறு ஒளிந்திருக்கிறது. அதனால் சொற்களை மட்டும் பார்க்கும் எடிட்டரிடம் இது தப்பித்துவிடும். ரசீதுப் புத்தகத்தையும் வருகைப் பதிவேட்டையும் கேட்டு வாங்குகிறவர் கையில்தான் சிக்கும்.

கோவையில் நடக்கும் ஆறு மாதக் கணக்குப் பயிற்சி ஒன்றை வைத்துப் பார்க்கலாம். டேலி பிரைம், ஜிஎஸ்டி ரிட்டர்ன், பிஎஃப், இஎஸ்ஐ, டிடிஎஸ், கொஞ்சம் எக்செல். திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை 6.30 முதல் 8.30 வரை. பம்ப் கம்பெனி ஸ்டோர்ஸ் கிளார்க், ஜவுளிக்கடை பில்லிங் கவுண்டரில் நிற்பவர், ஆடிட்டர் ஆபீஸில் என்ட்ரி போடுபவர் ஆகியோர்தான் இங்கே மாணவர்கள். இத்தகைய பிரௌச்சர்களில் அடிக்கடி காண்பவற்றைச் சேர்த்து நான் அமைத்த மாதிரி இது. எண்களும் கணக்கை விளக்குவதற்காக வைத்தவையே.

முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘கட்டணம் ரூ.18,000 மட்டுமே’. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. கீழே கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’. இப்போது ரசீதுகளைப் பார்ப்போம். பதிவுக் கட்டணம் 1,000. ஐந்தாம் மாதம் கேட்கப்போகும் தேர்வு, சான்றிதழ் கட்டணம் 2,000. ஆக 21,000. தனியார் பயிற்சிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதாவது 3,780. அச்சிட்ட புத்தகத்துக்கு வரி இல்லை; அது 1,200. மொத்தம் 25,980. முகப்பில் சொன்னதைவிட ஏறக்குறைய 8,000 ரூபாய் கூடுதல். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடக் கற்றுத்தரும் இடம் தன் ஜிஎஸ்டியை நட்சத்திரக் குறிக்குள் மறைப்பது ஒரு தனி வேடிக்கை.

இதைத் திருத்துவது எளிது. ‘கடைசி நாள் வரை நீங்கள் எங்களிடம் கட்டப்போவது ரூ.25,980’ என்று ஒரே வரியில் முதலில் போட்டுவிட்டு, எது எந்த மாதம் என்ற அட்டவணையைக் கீழே தரலாம். நேர்மையான கட்டணப் பக்கத்தின் பெரிய பலம், அது கூட்டல் கணக்கு என்பதுதான். அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஐந்தாம் மாதம் தேர்வுக் கட்டணம் என்று கேட்டவுடன் கிளம்பும் சண்டையும், அதைக் கட்ட முடியாமல் சான்றிதழ் வாங்காமலே நின்றுவிடும் ஆட்களும் குறைவார்கள்.

தவணை விஷயம் இவ்வளவு எளிதல்ல. ‘ஈஸி இஎம்ஐ உண்டு’ என்ற வரிக்குப் பின்னால் பல இடங்களில் ஒரு கடன் நிறுவனம் நிற்கிறது. 24,000 ரூபாய்க்கு ‘வெறும் 12 சதவீதம்’ ஃபிளாட் வட்டி என்றால், ஓராண்டில் வட்டி 2,880, மாதத் தவணை 2,240. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழுத் தொகைக்கே போடப்படுவதால், உண்மையான ஆண்டு வட்டி ஏறத்தாழ 21.5 சதவீதம். அதைவிட முக்கியமான ஒன்றை மாணவர் கவனிப்பதில்லை. கடன் கொடுத்தவர் முழுப் பணத்தையும் பயிற்சி நிலையத்துக்கு முன்பே கொடுத்துவிட்டார். இரண்டாம் மாதம் வகுப்பை விட்டாலும் தவணை நிற்காது. ‘இது கடன், வகுப்பை நிறுத்தினாலும் கட்டியாக வேண்டும்’ என்ற ஒரு வாக்கியம் இல்லாத பிரௌச்சரை நான் நேர்மையானது என்று சொல்லமாட்டேன், மற்ற எல்லா எண்ணும் சரியாக இருந்தாலும்.

நிறுவனத்தின் ரசீதில் ஏறாத செலவு ஒன்றும் இருக்கிறது. ஸ்டோர்ஸ் கிளார்க் வாரம் 4 மணி நேரம் ஓவர்டைம் பார்ப்பவர் என்று வைத்துக்கொள்வோம். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். 26 வாரத்தில் 104 மணி நேரம், இரட்டிப்பாக்கினால் 208 மணி நேரச் சம்பளம். எட்டு மணி நேரம் ஒரு நாள் என்றால் 26 நாள். அதாவது சரியாக ஒரு மாதச் சம்பளம் போகிறது. மறைத்து வைத்த 8,000 ரூபாயைவிட இது பெரிய தொகையாகவே இருக்கும். இதை பிரௌச்சரில் எண்ணாகப் போட முடியாது, ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் கட்டண அட்டவணைக்குக் கீழே ‘நீங்கள் இழக்கும் ஓவர்டைம்’, ‘பஸ், டீ செலவு’ என்று இரண்டு கோடுகளை வெறுமையாக விட்டு, படிப்பவரே நிரப்பிக்கொள்ளச் சொல்லலாம். நகரப் பேருந்தில் கட்டணமின்றிப் போகும் பெண்ணுக்கு ஒரு கணக்கு வரும், பைக்குக்குப் பெட்ரோல் போடுகிறவருக்கு வேறு கணக்கு வரும்.

நேரத்தைப் பற்றியும் பிரௌச்சர்கள் வாயே திறப்பதில்லை. மாதாந்தர ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கெடு அடுத்த மாதம் 11-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி கெடு 20-ஆம் தேதி. ஆடிட்டர் ஆபீஸில் இருப்பவர் ஒவ்வொரு மாதமும் அந்தத் தேதிகளை ஒட்டிய மாலைகளில் வகுப்புக்கு வரமாட்டார், வர முடியாது. ஜவுளிக்கடைக்காரருக்கு ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் அப்படித்தான். வருகைப் பதிவேட்டைத் தேதிவாரியாகப் புரட்டினால் காலியிடங்கள் வரிசையாக அங்கேதான் விழுந்திருக்கும். ‘தவறிய வகுப்பை ஈடுசெய்யலாம்’ என்ற பொதுவான வாக்குறுதி இங்கே உதவாது. அடுத்த சனிக்கிழமை அதே பாடம் மறுபடி நடக்குமா, அடுத்த பேட்சோடுதான் உட்கார வேண்டுமா, அதற்குத் தனிக் கட்டணமா என்று சொல்லியாக வேண்டும்.

இனி பலன். ‘100% வேலை’ என்பது பழைய பிரௌச்சரின் கொட்டை எழுத்து. அதற்கு ஆதாரம் இருந்தது என்பதுதான் விசேஷம். போன பேட்சில் 40 பேர் சேர்ந்தார்கள். 26 பேர் முடித்தார்கள். 20 பேர் தேர்வில் தேறினார்கள். ஆறு மாதம் கழித்து அந்த இருபது பேருக்கும் போன் செய்தபோது 17 பேர் எடுத்தார்கள். பதினேழு பேரும் வேலையில் இருந்தார்கள். நூற்றுக்கு நூறு! ஆனால் அவர்கள் சேர்ந்த அன்றைக்கும் வேலையில்தான் இருந்தார்கள். வேலையில் இருப்பவர்களுக்கென்றே நடத்தும் வகுப்புக்கு ‘வேலை கிடைத்தது’ என்பது அளவுகோலே அல்ல. எது மாறியது என்பதைத்தான் கேட்க வேண்டும். கேட்டால், 5 பேர் கணக்கு வேலைக்கு மாறியிருக்கிறார்கள், 3 பேருக்கு இருந்த இடத்திலேயே கணக்குப் பொறுப்போ சம்பள உயர்வோ வந்திருக்கிறது, 9 பேருக்கு எந்த மாற்றமும் இல்லை.

இந்த எட்டுப் பேரை போன் எடுத்த 17 பேரால் வகுத்தால் 47 சதவீதம். தேறிய 20 பேரால் வகுத்தால் 40. சேர்ந்த 40 பேரால் வகுத்தால் 20. மூன்றுமே உண்மை. பிரௌச்சரைக் கையில் வைத்திருப்பவர் இன்னும் சேரவே இல்லை. அவர் நாற்பதில் ஒருவராகத்தான் ஆகப்போகிறார். ஆகவே அவருக்கு உரிய எண் 20. என் பரிந்துரை, சதவீதத்தையே எடுத்துவிட்டுத் தலைகளை எண்ணிப் போடுவது: ‘சேர்ந்தவர்கள் 40, முடித்தவர்கள் 26, தேறியவர்கள் 20, ஆறு மாதத்துக்குள் வேலையோ பொறுப்போ சம்பளமோ மாறியதாகச் சொன்னவர்கள் 8, தொடர்புகொள்ள முடியாதவர்கள் 3.’ நாற்பது பேர் கொண்ட பேட்சில் ஓர் ஆள் கூடினாலே சதவீதம் இரண்டரை ஏறும். அவ்வளவு சிறிய கூட்டத்துக்குச் சதவீதம் தேவையில்லாத மிடுக்கைக் கொடுத்துவிடுகிறது.

‘ஜிஎஸ்டி பிராக்டிஷனர் ஆகலாம்’ என்ற வரியை யோசிக்காமல் அடித்துவிடலாம். அந்தப் பதிவுக்கு வணிகவியல், சட்டம் போன்ற துறைகளில் பட்டம் கேட்கிறார்கள், தேர்வும் உண்டு. பிளஸ் டூ முடித்த பில்லிங் ஊழியருக்கு இந்த வகுப்பு அந்தக் கதவைத் திறக்காது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசு கணக்கியல் தேர்வும் இந்தச் சான்றிதழும் ஒன்றல்ல என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். கவுண்டரில் தினமும் கேட்கப்படும் கேள்வி அது.

சட்டம் இப்போது கொஞ்சம் எடிட்டர் பக்கம் சாய்ந்திருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சித் துறை விளம்பரங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வேலை உத்தரவாதம் போன்ற பொய் வாக்குறுதிகள் கூடாது, மாணவரின் படத்தைப் போட அவர் வெற்றி பெற்ற பிறகு எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், நிபந்தனை வரி வாக்குறுதியின் எழுத்தளவிலேயே இருக்க வேண்டும் என்கிறது அது. நட்சத்திரக் குறி வித்தைக்கு இந்தக் கடைசி விதி ஒன்றே போதும். ஆனால் அதன் வரையறையில் பயிற்சி மையம் என்பது ஐம்பது பேருக்கு மேல் படிக்கும் இடம். நம் மாதிரியைப் போல ஒற்றை பேட்ச் நடத்தும் சின்ன இடம் அதற்கு வெளியே நிற்கும்.

இவ்வளவு திருத்தியும் இதில் குறைகள் உண்டு. முதலாவது, போட்டி. எதிர்க் கட்டடத்து நோட்டீஸில் 18,000 என்று இருக்கும்போது 25,980 என்று போடுகிறவர் முதல் பார்வையில் தோற்பார். ‘மற்ற இடங்களிலும் தேர்வுக் கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள்’ என்ற வரி ஓரளவுக்குத்தான் ஈடுகட்டும். இரண்டாவது, தலைக்கணக்கு நடந்ததைச் சொல்கிறது, வகுப்பினால் நடந்ததா என்று சொல்வதில்லை. மாறிய ஐந்து பேரும் எப்படியும் மாறியிருக்கக்கூடிய சுறுசுறுப்பான ஆட்களாக இருக்கலாம். மாறாத ஒன்பது பேரில், சொந்தக் கடைக்கு ரிட்டர்ன் போட மட்டும் கற்றுக்கொள்ள வந்து அதை நன்றாகவே செய்கிறவர் இருக்கலாம்; என் அட்டவணை அவரைத் தோல்விப் பக்கம் தள்ளிவிடுகிறது. ‘எதற்காகச் சேர்கிறீர்கள்’ என்று சேரும்போதே எழுதி வாங்கியிருந்தால் அவரைத் தனியே எண்ணியிருக்கலாம். அது அடுத்த பேட்சுக்குத்தான் முடியும், பிரஸ்ஸுக்குப் போகும் இந்த பிரௌச்சருக்கு முடியாது.

எனக்கு அதிகம் உறுத்துவது மூன்றாவது குறை. எல்லாவற்றையும் அச்சிட்டுவிட்ட நிறுவனம், மூன்றாவது வாரத்தில் நைட் ஷிஃப்டுக்கு மாற்றப்பட்டு நிற்கும் ஒருவரிடம், ‘எல்லாம் முன்னாடியே போட்டிருக்கோமே, நீங்க படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?’ என்று அதே பிரௌச்சரை நீட்டலாம். 40 பேரில் 14 பேர் நின்றுவிடுவார்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரியும், அதை நேர்மையாகச் சொல்லியும்விட்டது, அந்த 14 பேரின் பணமும் பத்திரமாகக் கையில் இருக்கிறது. சொல்லிவிட்டதாலேயே பொறுப்பு மாணவர் தலையில் ஏறிவிடுகிறது. எனவே முடிக்காதவர் எண்ணிக்கையை அச்சிடும் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில், பணம் திரும்புவது பற்றியும் இருக்க வேண்டும்: முதல் மாதத்துக்குள் நின்றால் எவ்வளவு, மூன்றாம் மாதத்தில் எவ்வளவு, எத்தனை நாளில், கடன் எடுத்தவருக்கு யார் கடன் நிறுவனத்திடம் பேசுவார்கள் என்பது வரை. அந்தப் பத்தியை எடிட்டரால் எழுதிக் கொடுக்க முடியும். அதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டியவர் நிலையத்தை நடத்துபவர். அவர் மறுத்தால் கட்டணப் பக்கத்தையும் பலன் பக்கத்தையும் எவ்வளவு சுத்தமாகத் திருத்தியிருந்தாலும் அந்த பிரௌச்சரை நான் பிரஸ்ஸுக்கு அனுப்பமாட்டேன்.