மார்ஜின் பணம் எப்போது விடுபடும்?

தாம்பரம் பக்கத்தில் சிறு ஒப்பந்ததாரர் ஒருவர் பேங்க் கியாரண்டி கேட்டு வங்கிக்குப் போனால், முதலில் கமிஷன் எத்தனை சதவீதம் என்றுதான் விசாரிப்பார். அதைவிட முக்கியமான கேள்வி, அந்தக் கியாரண்டி எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பது. கமிஷன் வருடக் கணக்கில் ஓடுகிறது. மார்ஜினாக வைத்த பிக்சட் டெபாசிட்டும் அதுவரை வங்கியின் பிடியிலேயே இருக்கும். இந்த நாள் கணக்கில்தான் இந்தியாவும் இலங்கையும் பெரிதும் வேறுபடுகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கட்டடப் பணிக்கு ரூ.10 லட்சம் கியாரண்டி. பணி 10 மாதம், அதன்பின் பழுது பார்க்கும் பொறுப்பு 12 மாதம். மத்திய அரசின் பொது நிதி விதிகளின்படி, ஒப்பந்தக் கடமைகள் எல்லாம் முடிந்து மேலும் 60 நாள் கியாரண்டி செல்லுபடியாக வேண்டும். ஆக இரண்டு வருடம். மார்ஜின் 25 சதவீதம், அதாவது ரூ.2.5 லட்சம்; கமிஷன் வருடத்துக்கு 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு ரூ.20,000 கமிஷன், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.3,600. டெபாசிட்டுக்கு வட்டி வருமே என்று தோன்றும். ஆனால் டெபாசிட்டுக்கு 6.5 சதவீதம் வாங்கிக்கொண்டு, வேலைச் செலவுக்கு 10.5 சதவீதத்தில் ஓவர்டிராப்ட் எடுப்பவருக்கு அந்த 4 சதவீத இடைவெளி, ரூ.10,000, கைநட்டம். மொத்தம் வருடத்துக்கு ரூ.33,600.

இரண்டு வருடத்தோடு முடிந்தால் சரி. இந்தியாவில் பல வங்கிகள் அதன்பின் 12 மாத 'கிளெய்ம் பீரியட்' வேண்டும் என்றன. அந்த வருடத்துக்கும் கமிஷன், மார்ஜினும் விடுபடாது. இதற்குக் காரணம் ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு. உரிமை கோரும் காலத்தை ஒப்பந்த வாசகத்தால் குறுக்கினால் அந்த வாசகம் செல்லாது. அப்படியானால் பொதுவான காலவரம்புச் சட்டம்தான் பொருந்தும்; அதில் வழக்குத் தொடுக்க அரசுக்கு 30 வருடம் வரை அவகாசம் உண்டு. 2013-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் வங்கிகளுக்கு ஒரு விலக்குத் தந்தது: ஒரு வருடத்துக்குக் குறையாத கால வரம்பு வைத்தால் அது செல்லும். வங்கிகள் இந்த ஒரு வருடத்தைக் கிளெய்ம் பீரியட் என்று எடுத்துக்கொண்டன.

கட்டுமானப் பிரிவின் தலைமையகத்தை மணப்பாக்கத்தில் வைத்திருக்கும் லார்சன் அண்ட் டூப்ரோ இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. எதிர்த்தரப்பு பஞ்சாப் நேஷனல் பேங்க். 2021 ஜூலையில் வந்த தீர்ப்பு இரண்டு காலத்தைப் பிரித்துக் காட்டியது. பணம் கேட்டு வங்கிக்கு எழுதும் அவகாசம் ஒன்று. வங்கி தர மறுத்தால் வழக்குப் போடும் அவகாசம் இன்னொன்று. ஒரு வருடம் என்ற சட்டக் கணக்கு இரண்டாவதற்குத்தான். முதலாவதைத் தரப்பினர் தங்களுக்குள் பேசிக் குறைத்துக்கொள்ளலாம். நம் கணக்கில் அந்த மூன்றாம் வருடத்தின் விலை ரூ.33,600.

இலங்கையில் இந்திய ஒப்பந்தச் சட்டம் போன்ற தொகுப்புச் சட்டம் கிடையாது; ஒப்பந்தங்களுக்கு அடிப்படை ரோமன்-டச்சுச் சட்டம். அங்கே கட்டட வேலைகளின் நிலையான கேள்விப்பத்திரத்தில், நிறைவேற்றுப் பிணை வேலை முடிந்த சான்றிதழ் தந்து 28 நாள் வரை செல்லுபடியானால் போதும். அதே 10 மாத வேலைக்குக் கியாரண்டியின் ஆயுள் 11 மாதத்தோடு முடிகிறது. ஆனால் பழுதுக் காலத்துக்கான காப்பு பில்களில் பிடித்துவைக்கும் பணத்தில் இருக்கிறது. ஒப்பந்தகாரரின் பணம் வங்கிக்குப் பதிலாக வேலை கொடுத்தவரிடம் நிற்கிறது. ஆனாலும் அதற்குக் கமிஷன் இல்லை. அடமானம் வைக்கச் சொத்து இல்லாதவர்களுக்குப் பிணை தர 1999 முதல் கட்டுமான உத்தரவாத நிதியம் என்ற அமைப்பும் அங்கே இருக்கிறது. இந்தியாவில் காப்பீட்டு நிறுவனங்கள் தரும் ஷ்யூரிட்டி பாண்டுக்கு 2022-இல்தான் வழி பிறந்தது.

ஆகவே கியாரண்டி வாசகத்தின் கடைசிப் பத்தியை வாசியுங்கள். அங்கே இரண்டு தேதிகள் இருந்தால், ஒன்று கியாரண்டி முடியும் நாள், மற்றது கிளெய்முக்குக் கடைசி நாள். கமிஷனை எந்த நாள் வரை பிடிப்பார்கள் என்று கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். டெண்டரின் மாதிரிப் படிவத்தில் இல்லாத கிளெய்ம் பீரியடை வங்கி சேர்த்தால், அந்தத் தீர்ப்பைக் காட்டிப் பேசலாம். பொறுப்புக் காலம் முடிந்த வாரமே அலுவலகத்திடமிருந்து அசல் கியாரண்டியை, அல்லது பொறுப்பு விடுவிப்புக் கடிதத்தை வாங்கி வங்கியில் சேர்த்து ஒப்புகை பெறுங்கள். அசல் அங்கே கோப்பில் கிடந்தால், டெபாசிட்டின் மீதுள்ள பிடியை எடுக்கக் கிளைகள் தயங்கும்.