நாட் அவுட் தெரியாத சராசரி

அச்சங்குளத்தில் எங்கள் அணிக்கு ஸ்கோர் எழுதுவது என் வேலை. வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை, சாத்தூர் என்று சுற்றுவட்டாரத்து அணிகளோடு ஆடியதெல்லாம் நோட்டில் இருக்கிறது. ஆனால் யார் எந்த அணிக்கு எதிராக எப்படி ஆடுகிறார் என்று கேட்டால் நோட்டைப் புரட்டிச் சொல்லிவிட முடியாது. நன்றாக ஆடிய ஆட்டம் நினைவில் நிற்கும், சொதப்பிய ஆட்டம் மறந்துபோயிருக்கும். அதனால் ஒரு பருவத்தின் ஸ்கோர்கார்டுகள் முழுவதையும் எக்செல்லில் ஏற்றி, பிவட் டேபிளோடு சில வாரங்கள் குடித்தனம் நடத்தினேன். Rows பெட்டியில் ஆட்டக்காரர், Columns பெட்டியில் எதிரணி, Values பெட்டியில் ரன் என்று இழுத்துவிட்டால் அட்டவணை வந்துவிடும் என்பது பலருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது அது போடும் சராசரியைப் பற்றி. கிரிக்கெட் பார்க்கிறவர்களை அது ஏமாற்றிவிடும். அதே கருவிக்குள் அதற்கு மருந்தும் இருக்கிறது.

முதலில் ஸ்கோர்கார்டின் வடிவத்தை மாற்ற வேண்டும். நோட்டில் ஆட்டத்துக்கு ஒரு பக்கம். பிவட் டேபிளுக்கோ ஓர் ஆட்டக்காரரின் ஓர் இன்னிங்ஸுக்கு ஒரு வரி வேண்டும். ஒரே ஆட்டத்தில் எட்டுப் பேர் பேட் பிடித்திருந்தால் எட்டு வரி. தேதியும் எதிரணியின் பெயரும் எட்டு வரியிலும் திரும்ப வரும். நான் வைத்திருக்கும் பத்திகள் Date, Player, Opponent, Runs, Balls, Out. கடைசிப் பத்தியில் அவுட் ஆனால் 1, நாட் அவுட் என்றால் 0. பேட் பிடிக்காதவருக்கு வரியே போடக் கூடாது. போட்டால் அவருடைய இன்னிங்ஸ் எண்ணிக்கை சும்மா ஏறிவிடும்.

நோட்டில் எழுதிய பழக்கத்தில் நாட் அவுட் ரன்னை 100* என்று நட்சத்திரத்தோடு தட்டச்சு செய்வதும் ஆகாது. நட்சத்திரம் ஒட்டிய எண் எக்செல்லுக்கு எண்ணே அல்ல, எழுத்து. பத்தியில் ஒரே ஒரு எழுத்து கலந்திருந்தாலும் பிவட் டேபிள் ரன்னைக் கூட்டாமல் வரிகளை எண்ணத் தொடங்கும். நூற்றுக்கணக்கில் வரவேண்டிய இடத்தில் 3, 5 என்று சின்ன எண்கள் தெரிந்தால் காரணம் அதுதான். சரிசெய்கிறேன் என்று Sum-க்கு மாற்றினால் இன்னும் மோசம்: நட்சத்திர இன்னிங்ஸ்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கூட்டிக் காட்டும். பார்வைக்கு அந்த எண்ணில் குறையே தெரியாது.

ஒரு கருவியைச் சோதிக்க விடை தெரிந்த கணக்கைக் கொடுப்பதே வழி. நான் கொடுத்தது 2016 ஐபிஎல்லில் விராட் கோலியின் பருவம். சென்னை தடையில் இருந்த ஆண்டு அது. தோனி புணே அணிக்குத் தலைமை தாங்கினார். கோலி 16 இன்னிங்ஸில் 640 பந்துகளில் 973 ரன் எடுத்தார். நான்கு முறை நாட் அவுட். பேட்டிங் சராசரி 81.08 என்று எல்லாப் பதிவுகளிலும் இருக்கிறது. பதினாறு வரிகளை ஏற்றி, எதிரணிவாரியாகப் பிரித்து, Value Field Settings-ல் Average-ஐத் தேர்ந்தேன். கீழே மொத்த வரியில் வந்தது 60.81.

எக்செல் தப்பாகக் கூட்டவில்லை. 973-ஐ 16-ஆல் வகுத்திருக்கிறது, அவ்வளவுதான். பேட்டிங் சராசரியோ இன்னிங்ஸால் வகுப்பதில்லை. அவுட் ஆன தடவைகளால், அதாவது 12-ஆல் வகுக்கிறது. நாட் அவுட் என்ற விஷயமே அந்த Average-க்குத் தெரியாது. மொத்தக் கணக்கில் இருபது ரன் வித்தியாசம் வந்தால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். எதிரணிவாரியாகப் பிரித்த பிறகு கண்டுபிடிப்பது கடினம், ஆபத்தும் அங்கேதான்.

டெல்லிக்கு எதிராகக் கோலி அந்த ஆண்டு 79-ம், நாட் அவுட்டாக 54-ம் எடுத்தார். பஞ்சாப்புக்கு எதிராக 20-ம் 113-ம், இரண்டிலும் அவுட். இரண்டு அணிகளிடமும் 2 இன்னிங்ஸ், 133 ரன். பிவட் டேபிள் இரண்டுக்கும் 66.50 என்று ஒரே சராசரி காட்டியது. உண்மையில் பஞ்சாப்புக்கு எதிராகத்தான் 66.50. டெல்லி அவரை ஒரே ஒரு முறைதான் அவுட் ஆக்கியது; அங்கே சராசரி 133. எந்தப் பந்துவீச்சு அவரை வீழ்த்தியது என்ற கேள்விக்காகவே எதிரணிவாரியாகப் பிரிக்கிறோம். கேட்டது அந்தக் கேள்வி, மறைந்துபோனதும் அதற்கான பதிலே.

மருந்து PivotTable Analyze பட்டியில், Fields, Items, & Sets என்பதற்குள் இருக்கும் Calculated Field. அங்கே ஒரு பெயர் கொடுத்து இதை எழுதினால் போதும்:

```
= Runs / Out
```

இந்த வசதியைப் பலர் திட்டக் கேட்டிருக்கிறேன். காரணம், அது வரி வரியாகக் கணக்குப் போடாது. முதலில் Runs முழுவதையும் கூட்டும், Out முழுவதையும் கூட்டும், பிறகுதான் வகுக்கும். விலையை அளவால் பெருக்கி வரவு பார்க்கும் கடைக்காரருக்கு இது தலைவலி. விலைகளையெல்லாம் கூட்டி, அளவுகளையெல்லாம் கூட்டி, இரண்டையும் பெருக்கித் தந்துவிடும். கிரிக்கெட் சராசரிக்கு வேண்டியதோ அந்த முறையேதான்: மொத்த ரன், மொத்த அவுட், பிறகு வகுத்தல். சூத்திரத்தைப் போட்ட உடனே டெல்லி 133 ஆனது, குஜராத் 104.50 ஆனது, மொத்த வரியில் 81.08 வந்து நின்றது. திட்டு வாங்கும் ஒரு குணம் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி.

ஸ்ட்ரைக் ரேட்டில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். சிலர் ஒவ்வோர் இன்னிங்ஸுக்கும் ஸ்ட்ரைக் ரேட்டைத் தனிப் பத்தியில் போட்டுவைத்து, அதன் சராசரியைப் பிவட்டில் எடுப்பார்கள். குஜராத் அணிக்கு எதிராகக் கோலியின் மூன்று இன்னிங்ஸைப் பாருங்கள்: 63 பந்தில் 100, 55 பந்தில் 109, முதல் தகுதிச் சுற்றில் 2 பந்தில் டக். தனித்தனி ஸ்ட்ரைக் ரேட் 158.73, 198.18, 0. இவற்றின் சராசரி 118.97. இரண்டே பந்து ஆடிய டக்குக்கும் அறுபது பந்து ஆடிய சதத்துக்கும் ஒரே எடை கொடுத்ததன் விளைவு அது. Calculated Field-ல் இப்படி எழுதினால்:

```
= Runs / Balls * 100
```

120 பந்தில் 209 ரன் என்று கூட்டிவிட்டு 174.17 என்கிறது. அதுதான் சரி. பருவத்திலேயே குஜராத்தைத்தான் அவர் அதிகம் அடித்தார், மொத்தம் 209 ரன். முதல் கணக்கை நம்பியிருந்தால் அவர்களிடம் திணறினார் என்று எழுதியிருப்போம்.

கூகுள் ஷீட்ஸில் ஆடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கேயும் Calculated Field உண்டு. கூட்டலை நாமே எழுத வேண்டும், Summarise by என்ற இடத்தில் Custom என்று மாற்றவும் வேண்டும்:

```
=SUM(Runs)/SUM(Out)
```

ஒருவர் ஓர் அணிக்கு எதிராக அவுட்டே ஆகாமல் இருந்தால் பூஜ்யத்தால் வகுக்க நேர்ந்து #DIV/0! என்று வரும். அது பிழை அல்ல, சராசரி இல்லை என்று பொருள். PivotTable Options-ல் For error values show என்பதில் ஒரு கோடு போட்டுவைத்திருக்கிறேன். பூஜ்யம் போட்டுவிடாதீர்கள். அவுட்டே ஆகாதவருக்குச் சராசரி பூஜ்யம் என்று எழுதுவது அநியாயம்.

இனி எனக்கு உண்மையில் எரிச்சல் மூட்டுவது. புது ஆட்டத்தின் வரிகளைக் கீழே சேர்த்தாலும் என்னிடம் உள்ள எக்செல்லில் பிவட் டேபிள் அசையாது. நாமாக Refresh கொடுக்க வேண்டும். மூல வரிகளை Ctrl+T கொடுத்து டேபிளாக மாற்றாமல் வைத்திருந்தால், Refresh கொடுத்தாலும் பழைய எல்லைக்குள்தான் பார்க்கும். புது ஆட்டம் வெளியே நிற்கும். பழைய எண் புது எண்போலவே அமைதியாக உட்கார்ந்திருக்கும், ஓர் எச்சரிக்கையும் வராது. ஷீட்ஸ் தானே புதுப்பித்துக்கொள்கிறது. இத்தனை ஆண்டு அனுபவமுள்ள எக்செல் இதை வாங்கியவரின் பொறுப்பில் விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. சேர்த்த ஆட்டத்தின் மொத்த ரன் பிவட்டின் மொத்தத்தில் ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிடுகிறேன்.

எதிரணியின் பெயரிலும் பிவட் டேபிள் கறார். எங்கள் பக்கத்தில் வெம்பக்கோட்டை என்றும் வேம்பக்கோட்டை என்றும் எழுதுவார்கள். ஏழாயிரம்பண்ணையை இடம் விட்டும் விடாமலும் எழுதுவார்கள். பிவட் டேபிளுக்கு இவை நான்கு அணிகள். ஊர்ப் பெயருக்கு மட்டும் வரும் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். தோனியின் புணே அணி 2016-ல் Rising Pune Supergiants, அடுத்த ஆண்டு Rising Pune Supergiant. ஒரு s போனதால் இரண்டு பருவத்தைச் சேர்த்துப் போடும்போது ஒரே அணி இரண்டு பத்தியாகிவிடும். தனி ஷீட்டில் எதிரணிப் பட்டியல் ஒன்றை வைத்து, Data Validation மூலம் அதிலிருந்து மட்டும் தேர்வு செய்யும்படி பூட்டிவிட்டேன். பத்திகளின் எண்ணிக்கை அணிகளின் எண்ணிக்கையைவிடக் கூடினால் எங்கோ பெயர் பிசகியிருக்கிறது.

அட்டவணையில் உள்ள எந்த எண்ணையும் இருமுறை கிளிக் செய்தால் அதற்குக் காரணமான வரிகள் மட்டும் புது ஷீட்டில் விரியும். குஜராத்தின் 209 மேல் கிளிக் செய்தால் அந்த மூன்று இன்னிங்ஸ். எங்கள் பையன் ஒருவர், "அண்ணே, நான் சாத்தூர்க்காரங்களுக்கு எதிரா இவ்வளவு கம்மியாவா அடிச்சேன்?" என்று கேட்டால் வாதாட வேண்டியதில்லை, வரிகளைத் திறந்து காட்டிவிடலாம். இரண்டு மூன்று இன்னிங்ஸை வைத்துக்கொண்டு பலம், பலவீனம் என்று பேசுவதையும் அதுவே தடுத்துவிடும். அதற்காக இன்னிங்ஸ் எண்ணிக்கையையும் சராசரிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

ஓர் எதிரணியோடு ஒரே ஒரு முறை மோதும் போட்டிகளில் எதிரணிவாரிப் பிரிப்பு ஸ்கோர்கார்டையே திரும்ப எழுதியதாகத்தான் இருக்கும். 2022 விஜய் ஹசாரே கோப்பையில் தமிழ்நாட்டின் நாராயண் ஜெகதீசன் 8 இன்னிங்ஸில் 830 ரன் எடுத்தார். தொடர்ந்து ஐந்து சதம், சராசரி 138.33. அவற்றில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்தில் அடித்தது 277. பலம் குறைந்த அணியிடம் அடித்த ரன் என்று அதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. இங்கே எதிரணியை Columns-லிருந்து எடுத்து Filters பெட்டியில் போட்டு, அருணாசலத்தின் டிக்கை மட்டும் நீக்கினால் Calculated Field உடனே திருத்திக் காட்டுகிறது: 7 இன்னிங்ஸ், 5 அவுட், 553 ரன், சராசரி 110.60.