தொடக்க அறிக்கையில் சான்று நிலைகள்: 2019 பிப்ரவரி 27 வெளியுறவு அமைச்சக அறிக்கையை முன்வைத்து

முன்னுரை

ஒரு நிகழ்வுக்குப் பின் செய்தியாளர்களைச் சந்திக்கும் செய்தித் தொடர்பாளர், வினாக்களுக்கு இடமளிக்கும் முன் எழுதி வைத்த அறிக்கையொன்றைப் படிப்பது வழக்கம். இத்தொடக்க அறிக்கை அளவிற் சிறியது. ஆயினும் பின்னர் எழும் வினாக்களின் எல்லையை வகுப்பது அதுவே. தகவல் முழுமையாகக் கிட்டாத வேளையில் எழுதப்படுவதால், எதனை உறுதியாகச் சொல்வது, எதனைப் பிறர் கூற்றாகச் சொல்வது, எதனைச் சொல்லாது விடுவது என்பதே அதன் அடிப்படைச் சிக்கலாகும். இந்திய வெளியுறவு அமைச்சகச் செய்தித் தொடர்பாளர் இரவீஷ் குமார் 2019 பிப்ரவரி 27 அன்று புது தில்லியில் படித்த அறிக்கையைக் கொண்டு இச்சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது.

அறிக்கையின் பின்புலமும் அமைப்பும்

2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் நிகழ்ந்த தற்கொலைத் தாக்குதலில் மத்திய ரிசர்வ் காவல் படையினர் 40 பேர் உயிரிழந்தனர். பிப்ரவரி 26 அதிகாலையில் இந்திய விமானப்படை பாலாக்கோட்டில் தாக்குதல் நடத்தியது. மறுநாட்காலை பாகிஸ்தான் விமானப்படை எதிர்த்தாக்குதலில் இறங்க, வான்மோதல் மூண்டது. அன்று பிற்பகலில் விமானப்படை அதிகாரி ஒருவர் உடனிருக்க, இரவீஷ் குமார் தம் அறிக்கையைப் படித்தார்.

அறிக்கை சில தொடர்களால் மட்டுமே ஆனது. முதலில் முந்தைய நாள் நடவடிக்கையின் நோக்கம் நினைவூட்டப்படுகிறது. அடுத்து, பாகிஸ்தானின் முயற்சி முறியடிக்கப்பட்டது என்றும், பாகிஸ்தான் போர் விமானம் ஒன்று மிக்-21 பைசன் விமானத்தால் சுட்டு வீழ்த்தப்பட்டது என்றும் கூறப்படுகிறது. அது பாகிஸ்தான் பகுதியில் விழுந்ததைத் தரைப்படையினர் கண்டனர் என்பது சான்றாக வைக்கப்படுகிறது. பின்னர், இம்மோதலில் இந்தியா மிக்-21 விமானம் ஒன்றை இழந்தது என்பதும் விமானி காணவில்லை என்பதும் சொல்லப்படுகின்றன. விமானி தம் காவலில் உள்ளார் எனப் பாகிஸ்தான் கூறுகிறது, உண்மை ஆராயப்படுகிறது என்பதோடு அறிக்கை முடிகிறது.

மூவகைச் சான்று நிலைகள்

இறுதித் தொடர்களில் மூன்று சான்று நிலைகள் தனித்தனியே நிற்கின்றன. விமானம் இழக்கப்பட்டது என்பது அரசு தானே அறிந்து சொல்வது. விமானி பிடிபட்டார் என்பது பிறர் கூற்று. கூறியவர் யார் என்பதும் சுட்டப்படுகிறது. உண்மை ஆராயப்படுகிறது என்பது இன்னும் அறியப்படாதது. தமிழில் 'வந்தான்' என்பதற்கும் 'வந்தானாம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இது ஒக்கும். பிறர் கூற்றைத் தன் கூற்றாக ஏற்காமலும், அதனை மறுத்து உறுதி கூறாமலும் அறிக்கை நிற்பது நோக்கத்தக்கது. மறுத்திருப்பின், சில மணி நேரத்திலேயே அம்மறுப்பைத் திரும்பப் பெற நேர்ந்திருக்கும். விமானி அபிநந்தன் வர்த்தமான் உண்மையில் பாகிஸ்தானின் காவலில் இருந்தார். மார்ச் 1 அன்று வாகா எல்லை வழியாகத் திரும்பினார்.

இந்நிலைகளைப் பிரிக்காமல் உரைப்பதன் விளைவு அதே நாளில் மறுதரப்பில் காணக் கிடைக்கிறது. பாகிஸ்தான் இராணுவச் செய்தித் தொடர்பாளர் மேஜர் ஜெனரல் ஆசிப் கபூர், இந்திய விமானிகள் இருவர் பிடிபட்டதாகவும் அவருள் ஒருவர் மருத்துவமனையில் உள்ளதாகவும் உறுதிபடக் கூறினார். மாலையில், காவலில் உள்ளவர் ஒருவரே என்று அவரே திருத்த வேண்டியதாயிற்று. களத்திலிருந்து வந்த முதற்செய்தி, அறிந்த உண்மையாக உரைக்கப்பட்டதே இப்பிழையின் தோற்றுவாய் எனலாம்.

சொல் தேர்வு

தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக இலக்கணிகள் பகுப்பர். இவ்வறிக்கையில் பின்னிரண்டும் தொழிற்படுகின்றன. எதிர்த்தரப்பு விமானம் 'சுட்டு வீழ்த்தப்பட்டது'. வீழ்த்தியது எது என்பதும் சொல்லப்படுகிறது. தன் தரப்பு விமானமோ, வருத்தக் குறிப்போடு 'இழக்கப்பட்டது'. வீழ்த்தியவர் யார் என்பது தொடரில் இல்லை. ஒரே வகை நிகழ்வுக்கு இருவேறு வினைகள் ஆளப்பட்டுள்ளன. செத்தாரைத் துஞ்சினார் எனும் மங்கல வழக்கின் அரசியல் வடிவம் இது.

விமானியைக் குறிக்க ஆளப்பட்ட 'மிஸ்ஸிங் இன் ஆக்‌ஷன்' என்பது படைத்துறையின் குழூஉக்குறி. இறந்தாரா, பிடிபட்டாரா, உயிரோடு ஒளிந்துள்ளாரா என்பது உறுதியாகாத வீரரின் நிலையைக் குறிக்கும் வரையறுத்த சொல் அது. 'காணவில்லை' எனத் தமிழில் பெயர்க்குங்கால் அவ்வரையறை நீங்கி, வழிதவறிப்போனவரைத் தேடும் பொதுப்பொருளே எஞ்சுகிறது. 'போர்ப்பணியில் நிலை அறியப்படாதவர்' என்பது போன்றதொரு தொடரே பொருளைக் காக்கும். விமானியின் பெயர் அறிக்கையில் இல்லை என்பதும் கருதத்தக்கது. நிலை உறுதியாகாத ஒருவரின் பெயரை அரசு தன் வாயால் வெளியிடாமை, அவர் குடும்பத்தாரின் பொருட்டும் அவர் பாதுகாப்பின் பொருட்டும் அமைந்த அடக்கம் எனக் கொள்ளலாம்.

குன்றக்கூறல்

நன்னூலார் எண்ணும் பத்துக் குற்றங்களுள் முதலாவது குன்றக்கூறல். அக்குற்றத்திற்கு இவ்வறிக்கையும் விலக்கன்று. அன்று காலை காசுமீரின் பட்காமில் விமானப்படையின் மி-17 ஹெலிகாப்டர் வீழ்ந்து, படையினர் 6 பேரும் பொதுமகன் ஒருவரும் உயிரிழந்தனர். பிற்பகல் அறிக்கையில் இதுபற்றி ஒரு சொல்லும் இல்லை. இந்திய ஏவுகணையே அதனைத் தாக்கியது என்பதை விமானப்படைத் தலைவர் பதௌரியா 2019 அக்டோபரில் ஒப்புக்கொண்டு, அதனைப் பெரும்பிழை என்றார்.

காரணம் அன்றே தெரிந்திருக்க வேண்டும் என்று வாதிட இயலாது. ஆனால் காரணம் தெரியாமலே நிகழ்வைச் சொல்ல முடியும். விமானிக்குக் கையாண்ட அதே முறையில், ஹெலிகாப்டர் வீழ்ந்தது, காரணம் ஆராயப்படுகிறது என இரு தொடர்கள் போதுமானவை. 'இம்மோதலில்' என்னும் சொல்லால் இழப்பின் எல்லை குறுக்கப்பட்டமையால், அறிக்கை பொய் கூறவில்லை. எனினும் அன்றைய இழப்பின் முழுமையை அது தரவில்லை.

வினாக்களின் இடம்

இக்குறையை வெளிக்கொணரக் கூடியது செய்தியாளர் வினா ஒன்றே. அன்றோ வினாக்கள் ஏற்கப்படவில்லை. தொடக்க அறிக்கையே முழு அறிக்கையாக முடிந்தது. 2025 மே 11 அன்று நிகழ்ந்த முப்படைச் செய்தியாளர் சந்திப்பு இதனோடு ஒப்பிடத்தக்கது. அங்கு முதலில் அறிக்கைகளும் காட்சிகளும் முன்வைக்கப்பட்டன. பின் வினாக்கள் ஏற்கப்பட்டன. இந்திய விமான இழப்புப் பற்றிய வினாவுக்கு ஏர் மார்ஷல் ஏ.கே. பாரதி, இழப்புகள் போரின் ஒரு பகுதி என்றும், விமானிகள் அனைவரும் திரும்பிவிட்டனர் என்றும் விடையிறுத்தார். எண்ணிக்கையை அவர் கூறவில்லை. எனினும் 'இல்லை' என மறுக்கவும் இல்லை என்பதைக் கேட்டோர் உணர்ந்தனர். இழப்பு நேர்ந்ததை முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌகான் மே 31 அன்று சிங்கப்பூரில் ஒப்புக்கொண்டார்.

முடிவுரை

2019ஆம் ஆண்டு அறிக்கை தன் இழப்பைத் தானே கூறியது. ஆனால் வினாவை ஏற்கவில்லை. 2025ஆம் ஆண்டுச் சந்திப்பில் வினாவே இழப்புப் பற்றிய விடையை ஈன்றது. அறிந்தது, பிறர் கூறுவது, ஆராயப்படுவது எனச் சான்று நிலைகளைப் பிரித்துரைத்தது முன்னதன் சிறப்பு. அச்சிறப்பைப் பட்காமில் இறந்த எழுவருக்கும் அது நீட்டியிருப்பின், அவர்தம் சாவின் காரணம் ஆராயப்படுகிறது என்னும் ஒரு தொடரேனும் அன்றே பதிவாகியிருக்கும்.