தாடியின் இடைவெளியும் தூரிகையின் ரோமமும்

ஒருவருடைய உருவப்படத்தில் தாடி ஆங்காங்கே விட்டுப்போயிருக்கும் இடங்களை, அண்டையிலுள்ள ரோமங்களின் போக்கையும் அடர்த்தியையும் நிறத்தையும் ஒட்டி, நுண்ணிய கோடுகளால் நிரப்பிக் கொடுக்கும் வழக்கத்தைக் கலியாணப் படங்களைத் திருத்தும் மேசைகளில் இன்று காண்கிறோம். இதனைச் சுத்தப் பொய் என்று தள்ளுவோரும், வெறும் அலங்காரம் என்று ஏற்போரும் உண்டு. பல ஆண்டுகள் இவ்வேலையைச் செய்துவந்த எனக்கோ, இரு சாராரும் வேலையின் சூட்சுமத்தைக் கவனியாமலே தீர்ப்புச் சொல்வதாகப் படுகிறது. ரோமத்தின் போக்கைப் பார்த்துக் கற்கலாம், நிறத்தை அளந்து எடுக்கலாம்; எவ்வளவு நிரப்புவது, எங்கே நிறுத்துவது என்பதில்தான் இதன் மேன்மையும் குற்றமும் அடங்கியிருக்கின்றன.

ஃபிலிம் காலத்தில் இது அரிய வேலை. நெகட்டிவின்மேல் கூரிய பென்சிலால் தீட்டினால் அந்த இடம் அச்சில் வெளுக்குமாகையால், சுருக்கங்களையும் தழும்புகளையும் மறைக்கப் பென்சில் உதவிற்றே தவிர, கருத்த ரோமத்தை வரவழைக்க உதவவில்லை. அதற்கு நெகட்டிவின் பூச்சைக் கத்தி நுனியால் மெல்லச் சுரண்ட வேண்டும், அல்லது அச்சிட்ட படத்தின்மேலேயே மெல்லிய தூரிகையால் எழுத வேண்டும். சுரண்டியதை மீட்க வழியில்லை. இன்று கணினியில் தனி லேயர் ஒன்றில் கோடுகளை இட்டு, வேண்டாதவற்றை எத்தனை முறையும் அழித்துக்கொள்ளலாம் என்பது பெரிய அநுகூலம். அந்த அநுகூலமே கையை எல்லை மீறச் செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

என் மேசைக்கு வந்த ஒரு மாப்பிள்ளையின் படத்தை எடுத்துக்கொள்கிறேன். ஜன்னல் வெளிச்சம் படத்தின் இடப்புறத்திலிருந்து வீழ்ந்திருந்தது. வெளிச்சம் பட்ட கன்னத்தில், மீசைமுனைக்குச் சற்று வெளியே, நாணயமளவு வட்டமாக ரோமமின்றி ஓரிடம். மீசைக்கும் முகவாய்த் தாடிக்கும் நடுவே மெல்லிய பிளவு ஒன்று. உச்சந்தலை முதல் முகவாய் வரை படத்தில் ஏறக்குறைய 2300 பிக்சல்கள் இருந்தன. மனிதத் தலையின் அந்த உயரத்தைச் சுமார் 23 சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒரு மில்லிமீட்டருக்குப் பத்துப் பிக்சல். தாடி ரோமத்தின் பருமன் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்களவு என்பதால், ரோமம் ஒன்று ஒரு பிக்சல் அகலம், லென்ஸின் மென்மையையும் கூட்டினால் இரண்டு. இக்கணக்கை முதலில் போடாதவர்கள் நான்கைந்து பிக்சல் தூரிகையை எடுத்துவிடுகிறார்கள். அப்போது வருவது ரோமமன்று, மைக்கோடு.

போக்கைப் பற்றி நிறையச் சொல்லலாமாயினும், அண்டை ரோமங்களே ஆசான் என்பதோடு பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. மீசை, மூக்கின் நடுவிலிருந்து இருபுறமும் விலகிச் சரிகிறது. கன்னத்து ரோமம் பெரும்பாலும் கீழ்நோக்கி வளர்கிறது. கழுத்திலோ பலருக்கு மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ திரும்பிச் சிலவேளை சுழியாகவும் நிற்கிறது. கன்னத்தின் பழக்கத்திலேயே கழுத்துக்கும் கோடு இழுத்தால் அது ஒட்டுத்தாடி போலத் தோன்றும். அதைவிட அடிக்கடி காணும் பிழை, கோடுகள் யாவும் சீப்பின் பற்களைப் போல ஒன்றுக்கொன்று இணையாக நிற்பது. உண்மைத் தாடியில் ஐந்தாறு ரோமங்களுக்கு ஒன்றாவது மற்றவற்றைக் குறுக்கே கடந்து போகும். இன்னொரு நுட்பம்: கத்தரித்த தாடியின் நுனிகள் வெட்டுண்டவையாதலால் மழுங்கியிருக்கும். பேனாவின் அழுத்தத்தைக் கொண்டு நுனியை ஊசியாக்கும் வசதியை நம்பி எல்லாக் கோட்டையும் கூர்மையாக்கினால், கன்னத்தில் இமைமயிர் முளைத்தது போலாகிறது.

நிறத்தில் ஒன்றே எச்சரிக்கை. கருத்த தாடி என்று நாம் சொல்வது படத்தில் எங்குமே முழுக் கறுப்பாக இருப்பதில்லை. அந்த மாப்பிள்ளையின் வெளிச்சக் கன்னத்தில் ரோமம் செம்பழுப்பாகவும், நிழற்புறத்தில் கருநீலச் சாயலோடும் இருந்தது. ஆகவே ஒரே புள்ளியைத் தொட்டு நிறம் எடுக்காமல், சில பிக்சல்களின் சராசரியாக, கருமை, இடைநிறம், ஒளிபட்ட மெல்லிய நிறம் என மூன்றை அந்தந்தப் பக்கத்திலிருந்தே எடுத்து மாற்றி மாற்றி இடவேண்டும்.

இனி அடர்த்தி. வட்டத்தின் விளிம்பை ஒட்டிய நல்ல பகுதியில் ஐந்து மில்லிமீட்டர்ச் சதுரத்துக்குள் வேர்களை எண்ணினேன், ஒன்பது இருந்தன. வெற்றிடத்தின் குறுக்களவு பதினைந்து மில்லிமீட்டர். அண்டைக் கணக்கின்படி அங்கே அறுபதுக்குச் சற்று மேற்பட்ட ரோமங்கள் வேண்டும். அத்தனையும் இட்டுப் பார்த்தபோது, தனித்தனியே ஒவ்வொரு கோடும் குற்றமற்றதாயிருந்தும், சேர்ந்த தோற்றம் கன்னத்தில் ஒரு வில்லையை ஒட்டியது போலிருந்தது. காரணம் பின்னரே புலப்பட்டது: உண்மை ரோமங்களில் சில வெளிச்சத்தில் மங்கி, சில ஒன்றன்பின் ஒன்று மறைந்து, எண்ணினாலும் கண்ணுக்கு எட்டாமல் நிற்கின்றன, நாம் இட்டவையோ ஒவ்வொன்றும் தன்னைக் காட்டிக்கொண்டு முன்னே நிற்கின்றன. ஆதலால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, முதலில் பத்து விழுக்காட்டு அழுத்தத்தில் மென்மையான நிழலொன்றைத் தோலின்மேல் பரப்பி, அதன்மீது நாற்பது ரோமங்களை மட்டும், விளிம்பில் நெருக்கமாகவும் நடுவில் கலைந்தும் இட்டேன். இடையிடையே தோலும் அதன் துளைகளும் தெரிந்தன. தாடி இயல்பாக அமைந்தது. நிரப்புதல் என்ற பெயரே இவ்வேலையைக் கெடுக்கிறது என்பது என் துணிபு. தோலைத் தெரியவிடுகிற அளவுக்கே இது நம்பத்தக்கதாகிறது.

பக்கத்துத் தாடியை அப்படியே பெயர்த்து ஒட்டும் குளோன் முறையோடு ஒப்பிட்டால் கோட்டுமுறையின் நிறை தெளிவாகும். குளோன் கொண்டுவருவது உண்மை ரோமம், உண்மைக் குறுமணி; கை வேகமும் அதிகம். ஆனால் ரோமத்தோடு அதன் அடியிலுள்ள தோலும் வெளிச்சமும் இடம்பெயர்வதால், வளைந்த கன்னத்தில் நிழல் தப்பி நிற்கும். ஒரே கொத்து இருமுறை வந்து கண்ணை உறுத்தும். கோட்டுமுறை இவ்விரண்டிலிருந்தும் தப்புகிறது. பதிலுக்கு வேறொரு குறையைச் சுமக்கிறது. வரைந்த கோடு படத்தைவிடத் தெளிவாயிருக்கும். கண்ணில் கூர்மை வைத்து எடுத்த படத்தில் காதோரத் தாடை சற்று மங்கியிருக்குமாதலால், அங்கே இட்டவற்றை அதே அளவு மங்கச் செய்து, படத்தின் குறுமணியையும் மேலே தூவாவிட்டால், அச்சில் அவை மட்டும் மிதந்து நிற்கும். படத்தை இடவலமாகத் திருப்பி, கால்வாசி அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பதே இதற்கு நல்ல சோதனை. பழகிய கண் மறைத்துவிட்ட கறை அப்போது வெளிப்படும்.

தீராத குறைகளும் உள. சுற்றிலும் ரோமம் சாட்சியாக நிற்கும் இடத்தில்தான் போக்கும் நிறமும் கிடைக்கின்றன. கன்னம் முழுதும் வெறுமையாயிருந்தால் ஒவ்வொரு கோடும் நம் கற்பனை, அங்கே ஒதுங்கிவிடுவதே நேர்மை. கடவுச்சீட்டு முதலிய அடையாளப் படங்களில் இது கூடவே கூடாது. கலியாண ஆல்பத்திலோ சங்கடம் வேறு வகையானது: முகப்பிலுள்ள ஒரு படத்தில் தாடி நிறைந்தும், அடுத்த பக்கத்தில் அவரே தாலி கட்டும் படத்தில் வட்டம் பளிச்சென்றும் நின்றால், பார்ப்பவர் முதலில் காண்பது அந்த வேற்றுமையைத்தான். இருநூறு படங்களில் ஒவ்வொரு கோணத்துக்கும் நாற்பது ரோமம் வரைவது யாராலும் இயலாது.

இதை அந்த மாப்பிள்ளையிடம் எடுத்துச் சொன்னபோது, மீசைக்கும் முகவாய்க்கும் நடுவிலுள்ள பிளவு தம் தகப்பனாருக்கும் உண்டென்றும், அதைத் தொடவேண்டாமென்றும் அவர் சொன்னார். வட்டத்திலும் பதினொரு ரோமங்களை எடுத்துவிட்டேன். மற்றப் படங்களோடு அடுக்கிப் பார்த்தபோது, அது மெலிந்த தாடியாகவே நின்றது.