ஒருவருக்கு மட்டும் ஒத்திகை

இரண்டு பேருக்குள் பிணக்கு என்றால் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவைப்பது சமரசம். ஆனால் பல நேரம் ஒருவர்தான் வருவார். மற்றவர் வரவே மாட்டார். அப்படி வந்த ஒருவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பாமல், அவர் பேசவேண்டிய பேச்சை அவரோடு மட்டும் உட்கார்ந்து தயார்செய்யும் முறை 1990களில் உருப்பெற்றது. சிட்னியின் மக்வாரி பல்கலைக்கழகமும் பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகமும் இதன் தொடக்கக் களங்கள். ஆலன் டிட்வெல் 1997இல் இதை விளக்கி எழுதிய கட்டுரையின் தலைப்பே, சிக்கலைத் தீர்க்க ஓர் ஆள் போதும் என்பதுபோல இருந்தது. இன்று இதற்குக் கான்ஃப்ளிக்ட் கோச்சிங் என்று பெயர்.

பயிற்றுநர்கள் கையாளும் சட்டகங்கள் பல. அவற்றில் எளியது 'டெஸ்க்'. ஷாரன் பவர், கார்டன் பவர் இருவரும் 1976இல் எழுதிய நூலில் இது வந்தது. நடந்ததைச் சொல், அது உன்னை என்ன செய்தது என்று சொல், வேண்டியதைக் கேள், விளைவைச் சொல்: நான்கே படிகள்.

ஒரு மருத்துவமனை வார்டை எடுத்துக்கொள்வோம். இரவுப் பணி முடித்துப் போகும் மூத்த செவிலியர் நோயாளிகளைப் பற்றிய தகவலை அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போகிறார். காலையில் வரும் இளையவர் பயிற்றுநரிடம் முதலில் சொல்வது இப்படி இருக்கும்: "அவங்களுக்கு அக்கறையே கிடையாது, எப்பவும் இப்படித்தான்." பயிற்றுநர் இதை மறுப்பதில்லை. எந்த நாள், எந்தப் படுக்கை, என்ன விடுபட்டது என்று மட்டும் கேட்கிறார். அரை மணி நேரத்தில் அந்த வாக்கியம் மாறுகிறது: "சிஸ்டர், செவ்வாயும் வியாழனும் நாலாம் பெட்டுக்கு டிரிப் மாத்தினது எனக்கு சார்ட்டைப் பாத்துதான் தெரிஞ்சுது. பயந்துட்டேன். நாளைலேருந்து பெட் பக்கத்துலயே நின்னு சொல்லிட்டுப் போறீங்களா? அப்படின்னா நான் உங்களுக்குப் போன் பண்ணித் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியிருக்காது."

இந்த முறையின் உண்மையான பலம் முதல் படியில்தான் இருக்கிறது. 'அக்கறை இல்லை' என்பது தீர்ப்பு. அதைக் கேட்டவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். 'செவ்வாய், நாலாம் பெட்' என்பது நடந்த சம்பவம். அதற்குப் பதில் சொல்லலாம். இன்னொன்றும் நடக்கிறது. நாள் குறித்துக் கேட்கும்போது 'எப்பவும்' என்பது பெரும்பாலும் இரண்டு மூன்று நாளாகச் சுருங்கிவிடுகிறது. பேசாமலே கோபம் பாதி வடிவது இந்தப் படியில்தான்.

நான்காம் படிதான் வழுக்கும் இடம். விளைவைச் சொல் என்றதும் பலருக்கு நாவில் வருவது மிரட்டல்: "இல்லன்னா மேட்ரன்கிட்ட சொல்லிடுவேன்." அமெரிக்க அரசு நிறுவனங்கள் 2006இல் மருத்துவக் குழுக்களுக்காக வெளியிட்ட டீம்ஸ்டெப்ஸ் பயிற்சித் திட்டம் இதே டெஸ்க்கை எடுத்தாண்டபோது, விளைவைக் குழுவின் பொது இலக்கோடு சேர்த்துச் சொல்லும்படி திருத்திக்கொண்டது. நல்ல திருத்தம். ஆனாலும் மேலதிகாரியின் வாயிலிருந்து வரும்போது, எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும் அது எச்சரிக்கையாகத்தான் கேட்கும்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. அறையில் இருப்பது ஒரு பக்கக் கதை மட்டும். ஒத்திகையில் பயிற்றுநர் மூத்த செவிலியராக நடிக்கிறார். ஆனால் அவருக்குத் தெரிந்த மூத்த செவிலியர் இளையவர் வரைந்து காட்டியவர்தான். இரவில் இரண்டு பேர் பார்க்கவேண்டிய வார்டை அவர் தனியாகப் பார்த்திருக்கலாம். அது ஒத்திகைக்குள் நுழையவே நுழையாது. இளையவர் அழகாகத் தயாரான நான்கு வாக்கியங்களோடு போய், "ராத்திரி நான் ஒருத்திதான்மா இருந்தேன்" என்ற ஒரே பதிலில் வாயடைத்து நிற்பார். ஒத்திகை கெட்டுப்போகிறது என்பதைக் கண்டுகொள்ள எளிய வழி இருக்கிறது: மூத்தவர் என்ன பதில் சொல்லக்கூடும் என்று இளையவரிடம் கேட்டால், நியாயமான பதில் ஒன்றுகூடத் தோன்றவில்லை என்றால் பேச்சுக்கு இன்னும் நேரம் வரவில்லை. டெஸ்க்கில் கேட்பதற்கென்று ஒரு படியே இல்லாதது இங்கே உறைக்கிறது. முதல் படி முடிந்ததும் "உங்க பக்கம் என்ன நடந்துது?" என்ற கேள்வியைத் தேர்ந்த பயிற்றுநர்கள் செருகுகிறார்கள், சட்டகத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

அந்த ஒற்றைப் பதில் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. ஆள் பற்றாக்குறை நிர்வாகத்தின் சிக்கல். அதை இரண்டு செவிலியர்களின் பேச்சுத் திறமையாக மாற்றிவிடுவது நிர்வாகத்துக்கு மலிவு. தொடர்ந்த துன்புறுத்தல் நடக்கும் இடத்தில் இது மோசமாகிறது. புகார் எழுதவேண்டியவரை, எப்படிப் பணிவாகக் கேட்பது என்று பழக்கி அனுப்பிவிடலாம்.

பயிற்றுநர் யார் என்பதும் முக்கியம். டெம்பிளிலிருந்து இந்தத் துறைக்கு வந்த ராஸ் பிரிங்கெர்ட் 2011இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மருத்துவமனைகளின் செவிலியர் மேலாளர்களே பயிற்சி பெற்றுத் தமக்குக் கீழ் வேலை செய்வோருக்குப் பயிற்றுநராக இருந்தார்கள். வார்டு தெரிந்தவர், செலவும் குறைவு. ஆனால் ஆண்டு மதிப்பீட்டில் கையெழுத்துப் போடப்போகிறவரிடம் "பயந்துட்டேன்" என்று எந்தச் செவிலியர் சொல்வார்? அந்த வாக்கியம் விடுபட்டால் இரண்டாம் படி வெறும் சடங்கு. வார்டுக்கு வெளியே உள்ள ஒருவரைப் பயிற்றுநராக வைப்பதற்குச் செலவு அதிகம்தான். மேலாளரைக் கொண்டு மிச்சம்பிடிக்கும் மருத்துவமனை, அந்த வாக்கியம் விடுபடுவதன் விலையையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.